சின்ன நிலத்தில் பட்டுப்புழு: முதலில் இலையை எடை போடுங்கள், அப்புறம் முட்டையை எண்ணுங்கள்

பட்டுப்புழு வளர்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "அரை ஏக்கரில் எத்தனை முட்டை வளர்க்கலாம்?" என்பதுதான். நல்ல கேள்வி, ஆனால் அதற்கு ஏக்கரை வைத்து மட்டும் பதில் சொல்ல முடியாது. ஒரே அளவுள்ள இரண்டு நிலங்களில் ஒன்று நூறு முட்டைத்தொகுதியைத் தாங்கும், இன்னொன்று ஐம்பதுக்கே திணறும். நிலத்தில் அந்தச் சமயத்தில் எத்தனை கிலோ இலை நிற்கிறது என்பதுதான் கணக்கு. கொட்டகையின் அளவு, ஆள் பலம், கிடைக்கப்போகும் கூட்டின் எடை எல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்துதான் வருகின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் இலையில் தொடங்கி, அங்கிருந்து இடத்துக்கும், பிறகு முதல் சில வளர்ப்புகளில் எங்கே அடி விழும் என்பதற்கும் போகலாம்.

முதலில் புழுவின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைகளை ஒரு முட்டைத்தொகுதி என்கிறோம். அதில் சுமார் 400 முதல் 500 முட்டைகள் இருக்கும். பொரித்து வரும் புழு நான்கு முறை தோலுரிக்கும், அதாவது அதன் வளர்ச்சியில் ஐந்து பருவங்கள். மொத்தம் சுமார் 25 நாள். அதன் பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு கூடு கட்டத் தொடங்கும். பொரித்த அன்று அரை மில்லிகிராம்கூட இல்லாத புழு, கூடு கட்டப் போகும்போது 4 முதல் 5 கிராம் இருக்கும். கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு வளர்ச்சி, அதுவும் ஒரே ஒரு உணவை, மல்பெரி இலையை மட்டும் தின்று. இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி சொல்லப்போகிற எண்கள் ஆச்சரியமாக இருக்காது.

இலை எங்கே போகிறது

நூறு முட்டைத்தொகுதி, அதாவது சுமார் 40,000 முதல் 50,000 புழுக்கள், முழு வளர்ப்புக்கும் ஏறக்குறைய ஒரு டன் இலை தின்னும். ஆனால் அந்த ஒரு டன் சீராகப் பிரியாது. முதல் பருவத்தில் வெறும் 2, 3 கிலோ போதும். இரண்டாவதில் 6, 7 கிலோ. மூன்றாவதில் 30 கிலோவை ஒட்டி, நான்காவதில் 100 கிலோவை ஒட்டி. ஐந்தாவது பருவத்தில் மட்டும் 700 முதல் 800 கிலோ. பத்தில் எட்டுப் பங்கு இலை கடைசி ஏழெட்டு நாளில் போகிறது!

புதிதாகத் தொடங்குபவர் ஏமாறுவது இங்கேதான். முதல் இரண்டு வாரம் தோட்டத்தைப் பார்த்தால் இலை குறைந்த மாதிரியே தெரியாது, தட்டில் புழு கொஞ்சமாகத்தான் இருக்கும், "இன்னும் ஐம்பது தொகுதி சேர்த்து வாங்கியிருக்கலாமே" என்று தோன்றும். அப்புறம் ஐந்தாம் பருவத்தின் நான்காம் நாள் வரும். அன்று நூறு தொகுதிக்கு ஒரே நாளில் 130, 150 கிலோ இலை தேவைப்படும். கிளையோடு வெட்டிப் போடுகிறவர்கள் என்றால், குச்சியின் எடையும் சேர்ந்து இருநூறு கிலோவுக்கு மேல் சுமந்து வர வேண்டும், அதையும் வெயில் ஏறுவதற்கு முன்பும் சாய்ந்த பிறகும் வெட்ட வேண்டும். அந்த வாரத்தில் இலை ஒரு நாள் தீர்ந்தாலும் புழு செத்துவிடாது, ஆனால் பாதிப் பசியில் கூடு கட்டப் போய்விடும். கூடு சிறியதாகவும், ஓடு மெல்லியதாகவும் இருக்கும். வாங்குபவர் கையில் எடுத்து அழுத்திப் பார்த்ததுமே தெரிந்துவிடும். 25 நாள் உழைப்பின் விலை கடைசி இரண்டு நாள் இலையில் கரைந்துபோகும்.

சரி, உங்கள் நிலத்தில் எவ்வளவு இலை இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? புத்தகக் கணக்குப்படி வி1 போன்ற நல்ல ரகம், நல்ல பாசனத்தோடும் உரத்தோடும், ஏக்கருக்கு ஆண்டுக்கு 20 டன்னுக்கு மேல் இலை தரும். அந்த எண்ணை நம்பி முட்டை வாங்காதீர்கள். அது எல்லாம் சரியாக அமைந்த தோட்டத்தின் விளைச்சல். உங்கள் தோட்டத்தின் விளைச்சலை நீங்கள்தான் அளக்க வேண்டும், அளப்பதும் கஷ்டமில்லை.

அரை ஏக்கரை எடுத்துக்கொள்வோம். அது 50 சென்ட், 21,780 சதுர அடி. செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை மூன்றடி இடைவெளி என்றால் ஒரு செடிக்கு 9 சதுர அடி, ஆக 2,420 செடி. வரப்பு, வாய்க்கால், பட்டுப்போன செடி போக 2,300 என்று வைத்துக்கொள்ளலாம். கவாத்து செய்து சுமார் 45 நாள் ஆனதும், தோட்டத்தின் நடுவிலும் ஓரத்திலும், செழிப்பான இடத்திலும் மெலிந்த இடத்திலும் என்று பத்துச் செடியைப் பார்த்தமேனிக்குத் தேர்ந்தெடுத்து, அவற்றின் இலையை மட்டும் உருவி எடை போடுங்கள். நல்ல செடியாகப் பார்த்துப் பிடுங்கினால் கணக்கு பொய்யாகிவிடும். பத்துச் செடிக்கும் சேர்த்து 5 கிலோ வந்தால், ஒரு செடிக்கு 500 கிராம். 2,300 செடிக்கு 1,150 கிலோ. இதில் அடியில் மஞ்சளாகிப் போகும் இலை, மழையில் அழுக்கான இலை, பூச்சி தின்ற இலை என்று 15 சதவீதம் கழித்தால் ஏறக்குறைய 980 கிலோ. ஆக, நூறு தொகுதி வளர்க்கலாம், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

அதே தோட்டம் நட்ட முதல் ஆண்டில் செடிக்கு 300 கிராம்தான் தரும் என்றால் 690 கிலோ, கழிவு போக 590. கணக்குப்படி அறுபது தொகுதி வரை வளர்க்கலாம். முதல் முறை செய்கிறவருக்கு ஐம்பது போதும் என்பேன். மிச்சமாகும் இலை வீணில்லை, மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடலாம். பற்றாக்குறையாகும் இலையை வெளியிலிருந்து வாங்குவதுதான் ஆபத்து. அந்தத் தோட்டத்தில் என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது, கிடைக்கும் இலையும் நீங்கள் கொடுத்துவந்த ரகமாகவோ முதிர்ச்சியாகவோ இருக்காது.

இன்னொரு விஷயம், நடவு செய்த உடனே புழு வளர்க்க முடியாது. குச்சி அல்லது நாற்று நட்டு வேர் பிடித்து, முதல் அறுவடைக்குத் தயாராக குறைந்தது ஆறு மாதம் ஆகும். அவசரப்பட்டு மூன்றாம் மாதமே கிளையை வெட்டிவிட்டால் செடி நிரந்தரமாகவே மெலிந்து நிற்கும், அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டு விளைச்சல் அதில் அடங்கியிருக்கிறது. இந்த ஆறு மாதத்தைக் கொட்டகை கட்டுவதற்கும், நன்றாக வளர்க்கும் ஒருவரிடம் ஒரு முழு வளர்ப்பு கூடவே இருந்து பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பருவ வாரத்தை வேறொருவர் கொட்டகையில் நேரில் பார்த்துவிட்டு வந்தவருக்கு என் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

இலையின் வயதும் முக்கியம். கவாத்து செய்து 60 முதல் 70 நாள் ஆன இலைதான் கடைசிப் பருவத்துக்குச் சரியானது. அதற்கு முன்பு தண்ணீர்ச் சத்து அதிகம், 75 நாளைத் தாண்டினால் அடி இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கும். ஆகவே கவாத்து நாளை முதல் நாளாக வைத்து எண்ணினால், 45ஆம் நாள் வாக்கில் முட்டை பொரிக்க வேண்டும், 62ஆம் நாள் வாக்கில் புழு ஐந்தாம் பருவத்துக்கு வரும், 70ஆம் நாளில் தோட்டமும் காலியாகும், புழுவும் கூடு கட்டப் போகும். அன்றே மறுபடி கவாத்து. இப்படி ஓடினால் ஆண்டுக்கு ஐந்து வளர்ப்பு வரும். இதற்கெல்லாம் ஒரு நாள்காட்டியில் கவாத்துத் தேதியைக் குறித்து வைப்பதுதான் முதல் வேலை. முட்டை கிடைக்கும் நாளைப் பார்த்து கவாத்து செய்யாமல் விட்டுவிட்டால் எல்லாமே பிசகும்.

அரை ஏக்கரை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு மாத இடைவெளி விட்டுக் கவாத்து செய்தால் அடிக்கடி கூடு விற்கலாமே என்று பலர் கேட்பார்கள். செய்யலாம், ஒவ்வொன்றிலும் ஐம்பது தொகுதி. ஆனால் ஒரே கொட்டகையில் ஒரு வளர்ப்பு முடிந்ததும் அடுத்தது வந்துவிடும், நடுவில் கொட்டகையைக் கழுவிக் காயவிட நாள் இருக்காது. ஏன் அது பெரிய விஷயம் என்று கீழே வருகிறது. முதல் ஆண்டில் இதைத் தொடாதீர்கள்.

இடம்

புழு வளர்க்கும் இடம் என்றால் தரைப் பரப்பு வேறு, படுக்கைப் பரப்பு வேறு. புழு கிடக்கும் பரப்புதான் படுக்கை. நூறு தொகுதிக்கு முதல் பருவம் ஒரு சாதாரண மேசையில் அடங்கிவிடும். ஐந்தாம் பருவத்தின் கடைசியில் 400 முதல் 600 சதுர அடி படுக்கை வேண்டும். தொடங்குகிறவர்கள் 600 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கிப் போட்டால் புழு ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நகம் கீறி, அந்தக் கீறல் வழியாக நோய் உள்ளே போகும். சில புழு அதிகம் தின்று சில புழு பட்டினி கிடந்து, வளர்ச்சி ஏறுக்குமாறாகும்.

600 சதுர அடியைத் தரையில் பரப்ப வேண்டாம், அடுக்குத் தாங்கி போதும். ஐந்தடி அகலம், இருபதடி நீளம், மூன்று அடுக்கு உள்ள தாங்கி ஒன்றில் 300 சதுர அடி கிடைக்கும். இரண்டு தாங்கி வைத்தால் 600. ஐந்தடிக்கு மேல் அகலம் வைத்தால் நடுவில் கை எட்டாது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இரண்டடி இடைவெளி, கீழ் அடுக்கு தரையிலிருந்து ஒன்றரையடி மேலே. இரண்டு தாங்கிக்கும் சுற்றிலும் நடக்க மூன்றடி வழி விட்டால் அகலம் 19 அடி ஆகிறது. நீளம் 26 அடி, அதோடு இலை வைக்க ஒரு மூலை. ஆக 20க்கு 30 அடி கொட்டகை நூறு தொகுதிக்குத் தாராளம். ஐம்பதுதான் வளர்க்கிறீர்கள் என்றாலும், தோட்டம் பழகிய பிறகு நூறுக்குப் போகும் எண்ணம் இருந்தால் கொட்டகையை இந்த அளவில் கட்டிவிட்டு ஒரு தாங்கி மட்டும் போடுங்கள்.

கொட்டகையின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் நீளம் குறைந்த சுவரில்தான் அடிக்கும். ஐந்தாம் பருவப் புழுவுக்கு 24, 25 டிகிரி பிடிக்கும், 30க்கு மேல் போனால் தின்பது குறையும், நோயும் கூடும். இளம்புழுவுக்கு நேர்மாறு, 27, 28 டிகிரியும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். அதனால் ஒரே கொட்டகையில் இரண்டையும் வைக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். சன்னல் எல்லாவற்றுக்கும் நைலான் வலை. ஊஜி ஈ என்று ஒன்று இருக்கிறது, பார்க்க சாதாரண வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிது, உள்ளே வந்தால் புழுவின் தோலில் வெள்ளையாக ஒரு முட்டை வைக்கும், அது பொரித்துப் புழுவுக்குள் புகுந்து தின்னும், வெளியே கறுப்புத் தழும்புதான் தெரியும். வலை கிழிந்த ஒரே ஒரு சன்னல் போதும் அதற்கு. தாங்கிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது.

உங்கள் வீட்டு அறை ஒன்றில் வளர்க்கலாமா என்றால், ஐம்பது தொகுதிவரைகூட நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொசுவர்த்தி, பூச்சி மருந்து, புகையிலை எதுவும் அதே கூரைக்குக் கீழ் இருக்கக்கூடாது. அதோடு வீட்டைச் சலவைத்தூள், அதாவது பிளீச்சிங் பவுடர், கரைசல் தெளித்து மூடிப்போட முடியாது.

முட்டையா, இளம்புழுவா

முதல் இரண்டு பருவப் புழுவை இளம்புழு, வழக்கில் சாக்கி என்பார்கள். இவை தின்னும் இலை பத்துக் கிலோதான், ஆனால் வெப்பம், ஈரம், இலையின் பக்குவம் மூன்றும் துல்லியமாக இருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் வாங்கிய தொற்று அப்போது தெரியாது, ஐந்தாம் பருவத்தில், டன் கணக்கில் இலை போட்ட பிறகு தெரியும். அதனால் தொடக்கத்தில் முட்டை வாங்காதீர்கள். இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுக்களை இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து வாங்குங்கள். மேலே சொன்ன நாள்காட்டிப்படி கவாத்திலிருந்து 53ஆம் நாள் வாக்கில் புழு உங்கள் கொட்டகைக்கு வரும், உங்கள் வேலை பதினேழு பதினெட்டு நாள்தான்.

எங்கே வாங்கினாலும் ஒன்றைக் கேளுங்கள்: தாய்ப்பூச்சி சோதனை செய்த முட்டையா? பெப்ரைன் என்ற நோய் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும், அப்படி வந்துவிட்டால் நீங்கள் கொட்டகையை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் பயனில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் பட்டுத்தொழிலையே இந்த நோய் சாய்த்தது. 1865இல் லூயி பாஸ்டர் அதை ஆராயப் போய், முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இருந்தால் அதன் முட்டைகளை அழித்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் முட்டை உற்பத்தி நிலையங்கள் செய்வது அதையேதான். யாரோ தெரிந்தவர் தன் கூட்டிலிருந்து பூச்சி வரவிட்டு எடுத்த முட்டை என்று மலிவாகக் கொடுத்தால், மறுத்துவிடுங்கள்.

முதல் சில வளர்ப்புகளில் எங்கே அடி விழும்

பயப்பட வேண்டிய முதல் விஷயம் நோய் அல்ல, மருந்துக் காற்று. உங்கள் தோட்டத்தில் நீங்கள் எதுவும் அடிக்காமல் இருக்கலாம். பக்கத்து வயலில் காய்கறிக்கோ நெல்லுக்கோ அடித்தது காற்றில் வந்து ஓர வரிசை இலையில் படிந்தால் போதும். இப்போது புழக்கத்தில் உள்ள சில மருந்துகள், குறிப்பாக குளோரான்ட்ரனிலிப்ரோல், பட்டுப்புழுவுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு, இலையில் நீண்ட நாள் தங்கவும் செய்யும். நஞ்சு பட்ட இலையைத் தின்ற புழு தலையை அங்குமிங்கும் ஆட்டும், வாயிலிருந்து பச்சையாகவோ பழுப்பாகவோ திரவம் கக்கும், உடல் சுருங்கி அப்படியே வளைந்து கிடக்கும். சில மணி நேரத்தில் படுக்கை முழுக்க இப்படி ஆகிவிட்டால் அது நோயல்ல, நஞ்சு. நோய் இவ்வளவு வேகமாக எல்லாப் புழுவையும் ஒரே நேரத்தில் பிடிக்காது.

இதற்கு எளிமையான காப்பு ஒன்று உண்டு. ஐம்பது புழுவைத் தனித் தட்டில் பிரித்து வையுங்கள். புதிய பகுதியில் இலை வெட்டத் தொடங்கும் முந்தைய நாள், முக்கியமாக ஓர வரிசைகளில் வெட்டப் போகும்போது, அந்த இலையை அந்த ஐம்பதுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். மறுநாள் நன்றாக இருந்தால் மற்றவற்றுக்குப் போடலாம். பக்கத்து நிலத்துக்காரரிடம் நேரில் போய், உங்கள் புழு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருக்கும் என்று சொல்லி வைப்பது இதைவிட நல்லது. "அண்ணே, இந்த மூணு வாரம் மருந்து அடிக்கிறதா இருந்தா முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், முந்தின நாளே தெரிந்தால் அந்த ஓரத்து இலையை அன்று மாலையே வெட்டி உள்ளே கொண்டுவந்துவிடலாம். நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ போகிறவர்கள், சுற்றி என்ன பயிர் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்தில் புகையிலை இருந்தால் அந்த நிலமே வேண்டாம்.

அடுத்தது தோலுரிப்பு. புழு தலையை உயர்த்தி அசையாமல் இருந்தால் தோலுரிக்கப் போகிறது. அந்த ஒரு நாள், ஒன்றேகால் நாள் அது தின்னாது. அப்போது படுக்கையில் நீற்றிய சுண்ணாம்புத்தூளை லேசாகத் தூவி, காற்றோட்டம் விட்டு, படுக்கையை உலர வைக்க வேண்டும். தவறு நடப்பது எப்போது இலை கொடுப்பது என்பதில். முதலில் எழுந்த கொஞ்சம் புழுக்கள் பசியோடு அலைவதைப் பார்த்து மனசு கேட்காமல் இலை போட்டுவிடுவார்கள். அவை ஒரு வேளை முந்திவிடும். தூங்கிக்கொண்டிருக்கும் மற்றவை இலைக்கு அடியில் ஈரத்தில் மாட்டிக்கொள்ளும். அடுத்த தோலுரிப்பில் இந்த இடைவெளி இன்னும் விரியும், கடைசியில் பாதிப் புழு கூடு கட்டும்போது மீதிப் பாதி இன்னும் தின்றுகொண்டிருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து புழு தோலுரித்து எழும்வரை காத்திருங்கள். முதலில் எழுந்தவை சில மணி நேரம் பசித்திருந்தால் ஒன்றும் ஆகாது.

மூன்றாவதுதான் நோய், அதிலும் பால்புழு நோய். இது வைரஸால் வருவது. இந்தப் புழு தோலுரிக்க வேண்டிய நேரத்தில் உரிக்காது, தோல் பளபளவென்று இழுத்த மாதிரி இருக்கும், கணுக்களுக்கு இடையில் வீங்கும், அமைதியாகக் கிடக்காமல் படுக்கையின் ஓரத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும். தொட்டால் தோல் கிழிந்து பால் போன்ற திரவம் வடியும். அந்த ஒரு சொட்டில் ஆயிரக்கணக்கான புழுவுக்குப் போதுமான வைரஸ் இருக்கிறது, கொட்டகைத் தூசியில் அடுத்த ஆண்டுவரைகூட உயிர்ப்போடு கிடக்கும். அதனால் இப்படிப்பட்ட புழுவைக் கண்டதும் கையால் எடுக்காதீர்கள், கோழிக்குப் போடாதீர்கள், வாசலில் வீசாதீர்கள். குச்சியாலோ இடுக்கியாலோ எடுத்து, சுண்ணாம்பும் சலவைத்தூளும் கரைத்த கிண்ணத்தில் போட்டு, பிறகு தோட்டத்துக்கு வெளியே புதைத்துவிடுங்கள். ஒரு படுக்கையில் நாலைந்து தென்பட்டால் இன்னும் பல புழுக்களுக்குத் தொற்றியிருக்கும், தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய ஐந்தாறு நாள் ஆகும். புழுவைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அந்த வளர்ப்பில் செய்யக்கூடியது பொறுக்கி எடுப்பதும், படுக்கையை உலர வைப்பதும், இடைவெளி கொடுப்பதும், படுக்கைக் கிருமிநாசினித் தூளைச் சொன்ன அளவில் தூவுவதும்தான்.

உண்மையான மருத்துவம் இரண்டு வளர்ப்புக்கு நடுவில் நடக்கிறது. கூடு எடுத்த மறுநாளே பழைய படுக்கைக் கழிவை மூட்டையாகக் கட்டி, தோட்டத்தில் தூவாமல், எருக்குழிக்குக் கொண்டுபோங்கள். தாங்கி, வலை, தட்டு எல்லாவற்றையும் கழுவி, பத்து லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சலவைத்தூள், 30 கிராம் நீற்றிய சுண்ணாம்பு என்ற கணக்கில் கரைத்து, சுவர், கூரை, தரை எல்லாம் நனையும்படி தெளியுங்கள். சதுர மீட்டருக்கு சுமார் இரண்டு லிட்டர் தேவைப்படும். அதாவது தரை சொட்டச் சொட்ட நனைய வேண்டும், பூவுக்குத் தண்ணீர் தெளித்த மாதிரி தெளித்தால் போதாது. சலவைத்தூள் பொட்டலத்தைத் திறந்ததும் மூக்கில் காரமாக ஏற வேண்டும், வாசமே இல்லாத பழைய தூள் வெறும் வெள்ளைப் பொடி. முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு தெளித்துவிட்டு, ஒரு நாள் மூடி வைத்து, பிறகு திறந்து காயவிடுங்கள். அடுத்த புழு வருவதற்கு நாலைந்து நாள் முன்பு மறுபடி ஒரு முறை. அரை ஏக்கரை இரண்டாகப் பிரிக்க வேண்டாம் என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

ஈர இலையும் ஒரு பகைதான். மழையில் நனைந்த இலை, குவித்து வைத்துச் சூடேறிய இலை, மண் படிந்த இலை, இதையெல்லாம் தின்ற புழு கழிச்சல் கண்டு தளர்ந்து போகும், உடம்பு மென்மையாகிக் கறுத்து நாறும். வெட்டிய கிளைகளை நிழலில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஈரச்சாக்கை லேசாகப் போர்த்தி வையுங்கள். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியக்கூடாது.

கூடு கட்டும் நாளும் விற்கும் நாளும்

முதிர்ந்த புழு இலையை விட்டு விலகி, உடல் கொஞ்சம் சுருங்கி, வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடி மாதிரி மஞ்சளாக ஊடுருவித் தெரியும். அதைப் பொறுக்கி, கூடு கட்டும் வலையிலோ, மூங்கிலில் பின்னிய சந்திரிகைத் தட்டிலோ சதுர அடிக்கு 40 முதல் 50 புழு என்று விட வேண்டும். சந்திரிகை போதவில்லை என்று நெருக்கிவிட்டால் இரண்டு புழு சேர்ந்து ஒரே கூடு கட்டும், அதிலிருந்து நூல் சீராக வராது, விலை போகாது. கூடு கட்டத் தொடங்கும்முன் ஒவ்வொரு புழுவும் சிறுநீர் கழிக்கும். நாற்பதாயிரம் புழு ஒரே நாளில் கழித்தால் கொட்டகை எவ்வளவு ஈரமாகும் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாச் சன்னலையும் திறந்துவிடுங்கள், கீழே பழைய செய்தித்தாள் விரித்து அடுத்த நாள் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டு நாள் ஈரம் தங்கினால், பார்க்க நல்ல கூடாக இருந்தாலும் நூல் எடுக்கும்போது அறுந்துகொண்டே இருக்கும், ஒரு முறை அப்படி வாங்கிய நூற்பாளர் அடுத்த முறை உங்கள் மூட்டையைத் தள்ளிவைப்பார்.

வெண்பட்டுக் கூட்டை, புழுவை ஏற்றியதிலிருந்து ஏழாம் நாள் எடுக்கலாம். சந்தேகமாக இருந்தால் இரண்டு மூன்று கூட்டை வெட்டிப் பாருங்கள், உள்ளே கூட்டுப்புழு பழுப்பு நிறத்தில் கெட்டியாக இருக்க வேண்டும். மஞ்சளாக மென்மையாக இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள், இப்போது எடுத்தால் வண்டிக் குலுக்கலில் உள்ளேயே நசுங்கி ஓட்டில் கறை படியும். அதிகம் தாமதித்தாலும் ஆகாது, பன்னிரண்டு நாள் வாக்கில் பூச்சி ஓட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும், துளைத்த கூட்டிலிருந்து தொடர்நூல் எடுக்க முடியாது. எனவே விற்பனைக்கு இருப்பது சில நாள் அவகாசம்தான், வாங்குபவரை அல்லது சந்தை நாளைப் புழு ஐந்தாம் பருவத்தில் இருக்கும்போதே பேசி வைத்துவிடுங்கள்.

எடுத்ததும் இரட்டைக் கூடு, கறை படிந்தது, மெல்லிய ஓடு, அழுகியது எல்லாவற்றையும் தனியாகப் பிரித்துவிடுங்கள். நல்ல கூட்டோடு கலந்தால் மொத்தக் குவியலுக்கும் அந்தக் கெட்ட கூட்டின் விலைதான் கேட்பார்கள். மேலே ஒட்டியிருக்கும் பஞ்சை நீக்கி, காற்றோட்டமுள்ள பையில் தளர்வாகப் போட்டு, வெயில் ஏறுவதற்கு முன்பு கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் சாக்கில் அடைத்தால் உயிரோடிருக்கும் கூட்டுப்புழுக்களின் மூச்சிலேயே உள்ளே வியர்த்துவிடும்.

எவ்வளவு வரும்? நூறு தொகுதியில் 45,000 புழு, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு கூடு கட்டினால் 40,500 கூடு. ஒரு கூடு 1.7 கிராம் என்றால் 69 கிலோ. இது நல்ல வளர்ப்பு. முதல் முறை ஐம்பது தொகுதியில், பத்தில் ஏழு புழு கூடு கட்டி, கூடு ஒன்றரை கிராம்தான் இருந்தால் 24 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கடன் தவணையைக் கணக்குப் போடும்போது இந்த 24 கிலோவை வைத்துப் போடுங்கள், 69இன் பாதியை வைத்துப் போடாதீர்கள். விற்றுவிட்டு வந்ததும் மொத்த எடையை, எத்தனை தொகுதி, எத்தனை கிலோ இலை வெட்டினீர்கள் என்பதோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு கிலோ கூட்டுக்கு எத்தனை கிலோ இலை ஆனது என்பது அதில் வந்துவிடும், நல்ல வளர்ப்பில் அது 15 கிலோவை ஒட்டி இருக்கும். 20க்கு மேல் போயிருந்தால், தோட்டத்தில் இலை கூட்டுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் புழு எந்தப் பருவத்தில் குறைந்தது என்று தேடுங்கள்.